வால்வைத் திறக்கச் சொன்ன வரி

அனந்தலக்ஷ்மிக்கு வீட்டில் சி.ஐ.டி. என்று பெயர். காய்காரனின் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். காஸ் சிலிண்டர் வந்தால் ஸீலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவாள். டெல்லி துவாரகாவில் அவர்கள் குடியிருக்கும் ஸொஸைட்டியில் லிஃப்ட் நின்றால்கூட, கரண்ட் போனதா, யாராவது நிறுத்தினார்களா என்று யோசிக்கிறவள். கணவர் கஸ்தூரிரங்கன் மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். "உன்னை விஜிலன்ஸ்ல போட்டிருக்கணும்டி, மொழிபெயர்ப்புல போட்டுட்டா" என்பார்.

அவள் வேலை பார்த்தது ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில். நாடு முழுவதும் எண்ணெய்க் கிடங்குகள் வைத்திருக்கும் நிறுவனம் அது. கிடங்குத் தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்புப் படங்கள் எடுப்பார்கள். அந்தப் படங்களின் தமிழ் முழுக்க அனந்தலக்ஷ்மியின் பொறுப்பு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்பதால், ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தால் அவளுக்கு அன்று சோறு இறங்காது.

படம் வெளியே ஒரு ஸ்டூடியோவில் தயாராகும். ஒரே படம், ஐந்து மொழிக் குரல்கள், நாலு மொழி வசன வரிகள், எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடுக்கி அனுப்புவார்கள். மாஸ்டர் என்று அதற்குப் பெயர். அதை அப்படியே கிடங்குகளுக்கு அனுப்ப முடியாது. கிடங்கு கான்டீன் டிவியில் பென் டிரைவைச் செருகினால், முதலில் இருக்கும் மொழியைத்தான் அது பேசும். முதலில் இருப்பது இந்தி. மொழியை மாற்ற ரிமோட் வேண்டும், ரிமோட் எந்தக் கிடங்கிலும் இருந்ததில்லை. அதனால் தமிழ்நாட்டுக்குப் போகும் கோப்பில் தமிழ்க் குரலும் தமிழ் வரியும் மட்டும் இருக்கும்படி பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலை ரமேஷ்குமாருடையது.

ரமேஷ்குமார் கோவில்பட்டிக்காரர். விமானப் படையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு இங்கே ஆடியோ விஷுவல் பிரிவுக்கு வந்தவர். குறைவாகப் பேசுவார். அவருடைய கம்ப்யூட்டரில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்திருக்கும். யாராவது பின்னால் வந்து நின்றால் அதைச் சட்டென்று கீழே தள்ளிவிடுவார். அது ஒன்று போதாதா அனந்தலக்ஷ்மிக்கு?

இன்னொன்றும் இருந்தது. ஸ்டூடியோவில் இருந்து ஒரு படம் வருவதற்குள் மாசமாகும். அதை ரமேஷ்குமாரிடம் கொடுத்தால், அவள் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் "ஆச்சு மேடம்" என்பார். இத்தனை பெரிய படத்தை அதற்குள் எப்படிப் பிரிக்க முடியும்? ஏதோ சுத்தமில்லாமல் செய்கிறார், இல்லை யாரோ செய்ததைத் தன் வேலையென்று காட்டுகிறார் என்று அவள் மனசுக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

இது தவிர, இருவருக்கும் வார்த்தைத் தகராறு ஒன்றும் நடந்திருந்தது. ஒரு படத்தில் அவள் "வால்வை மூடவும்" என்று எழுதியிருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அடைக்கவும்னு போடுங்க மேடம். லைன்ல நிக்கிறவன் அடைன்னுதான் சொல்லுதான்" என்றார். "நீங்க கோப்பைப் பிரிச்சாப் போதும், தமிழை நான் பாத்துக்கறேன்" என்றாள் இவள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் அவள் மறக்கவே இல்லை.

வெயில் ஏறத் தொடங்கிய ஏப்ரலில் ஒரு காலை அந்த ஃபோன் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு கடலோரக் கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கும் செல்வராஜ் பேசினார்.

"மேடம், புதுப் படம் ஒண்ணு அனுப்பினீங்களே, டேங்க் லாரி லோடிங். அதுல தமிழ் நீங்க எழுதினதா?"

"ஆமா. ஏன்?"

"லோடிங் முடிஞ்சதும் வால்வைத் திறந்துவிடவும்னு கீழ எழுத்து வருது மேடம்."

"அப்படி வராதே. குரல் என்ன சொல்றது?"

"குரல் சரியாத்தான் சொல்லுது, மூடாம நகரக் கூடாதுன்னு. ஆனா எங்க கான்டீன்ல ஃபேன் சத்தத்துல குரல் எங்க மேடம் கேக்கும்? எழுத்தைத்தான் படிப்பானுங்க. பசங்க சிரிச்சாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சுது. புதுசா சேர்ந்தவன் எவனாவது நம்பிட்டான்னா?"

வாட்ஸ்ஆப்பில் டிவியை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அவர் சொன்னது அப்படியே இருந்தது. 'வால்வைத் திறந்துவிடவும்.' படத்தின் முடிவில் வரும் பெயர்களில் 'தமிழாக்கம்: அனந்தலக்ஷ்மி' என்பதும் இருக்கும் என்பது அவளுக்கு உடனே நினைவு வந்தது.

அந்த வரியை அவளுக்குத் தெரியும். இந்தியில் வால்வைத் திறந்தபடி விடாதீர்கள் என்று இருந்ததை, ஸ்டூடியோக்காரர்கள் ஏதோ கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பில் போட்டு, 'விடாதீர்கள்' என்பதில் இருந்த மறுப்பைத் தொலைத்துவிட்டிருந்தார்கள். அந்த வரைவில் இதுபோல் ஏகப்பட்டது. அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முழுவதையும் புதிதாக எழுதி அனுப்பியிருந்தாள். ஸ்டூடியோ அதை மாஸ்டரில் சேர்த்துவிட்டதாகச் சொன்னது. சும்மா நம்பிவிடுகிறவளா? ஹார்ட் டிஸ்க் வந்ததும் தன் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, தன் வரிகளே ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

ஆக, மாஸ்டரில் தன் வரி இருந்தது. கிடங்கில் தன் வரி இல்லை. நடுவில் ஒரே ஒரு கை.

'தமிழை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்லையா, பார்த்துக்கோன்னு காட்டியிருக்கார்' என்று நினைத்தாள். நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. கறுப்பு ஜன்னலைக் கீழே தள்ளுவது, டீ ஆறுவதற்குள் வேலை முடிவது, அன்றைக்குப் பேசாமல் போனது. அதற்கு மேல் அவளால் இருக்கையில் உட்கார முடியவில்லை. நேராகத் தலைமை மேலாளர் சதுர்வேதியின் அறைக்குப் போனாள்.

சதுர்வேதி ஃபோட்டோவைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அவள் விளக்கினாள்.

"ஜான்பூஜ்கர்?" என்றார். வேண்டுமென்றேயா என்று கேட்டார்.

அவள் தயங்கினாள். "எனக்குச் சந்தேகமா இருக்கு சார்" என்று இந்தியில் சொன்னாள்.

சதுர்வேதியின் முகத்தில் கவலையைவிட வேறொன்று தெரிந்தது, ஒரு சுறுசுறுப்பு. "அச்சா. அந்த ஆளை எனக்கும் பிடிக்காது. யாரைக் கேட்டும் செய்யமாட்டான். சாயங்காலத்துக்குள்ள எழுத்துல கொடுங்க. ஸ்டோர்ஸுக்கு மாத்திடலாம்."

வெளியே வந்தபோது அவளுக்கு இன்னொரு சந்தேகம் முளைத்தது. இவருக்கு ஏன் இத்தனை அவசரம்? ரமேஷ்குமாரின் நாற்காலிக்கு யாரையோ கொண்டுவரப் பார்க்கிறார் என்று கான்டீனில் பேச்சு அடிபட்டதே. தன்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு தன்னையே கருவியாக்குகிறாரோ? எழுதுவதாக இருந்தால் ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

மத்தியானம் ரமேஷ்குமார் சாப்பிடப் போனதும் அவருடைய மேஜைக்குப் போனாள். கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. கீழே தள்ளியிருந்த கறுப்பு ஜன்னலை மேலே கொண்டுவந்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக ஆங்கிலத்தில் கட்டளை வரிகள். கடைசியாக இருந்தது இது:

ffmpeg -i master.mkv -map 0:v:0 -map 0:a:m:language:tam -map 0:s:m:language:tam -c copy tamil.mkv

அதைக் கைபேசியில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன தேடுதீங்க மேடம்?"

ரமேஷ்குமார் டிபன் டப்பாவோடு நின்றிருந்தார். மறந்துபோன கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். அனந்தலக்ஷ்மிக்கு முகம் சூடாகியது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"என் தமிழை எடுத்துட்டு அந்தக் குப்பைத் தமிழை ஏன் போட்டேள்?" என்றாள். செல்வராஜ் அனுப்பிய படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இது நம்ம கோப்பா?"

"பின்னே யாரோடது?"

"சதுர்வேதி சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அவள் பார்வையைத் திரைப் பக்கம் திருப்பினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "காலையிலயே ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினப்பவே நினைச்சேன். என்னைக் கிளப்பத்தான் நீங்களும் சேந்துக்கிட்டீங்கன்னு." டப்பாவை ஓரமாகத் தள்ளினார். "போகட்டும். வந்து நின்னு பாருங்க. இனி மறைக்க ஒண்ணுமில்ல."

"இத்தனை நாள் ஏன் மறைச்சேள்?"

"மறைச்சேனா? பின்னால யாராச்சும் வந்து நின்னா எனக்குக் கை ஓடாது மேடம். டைப் அடிக்கிறதுல தப்பு வந்துரும். அவ்வளவுதான்."

அவள் அதை நம்பவில்லை. ஆனால் நின்றாள்.

அவர் அந்த வரியைத் துண்டு துண்டாகச் சொன்னார். மேப் என்றால் இதை எடு என்பது. முதல் மேப், படம். இரண்டாவது மேப், குரல்களில் தமிழ் என்று மொழிச்சீட்டு ஒட்டியது. மூன்றாவது, வசன வரிகளில் தமிழ் என்று சீட்டு ஒட்டியது. இப்படிச் சொல்லிக்கொடுத்ததை மட்டும் கம்ப்யூட்டர் புதுக் கோப்புக்கு எடுத்துப்போகும், சொல்லாதது எல்லாம் விட்டுப்போகும். கடைசியில் உள்ள காப்பி, எதையும் மறுபடி அரைத்துச் செய்யாமல் இருக்கிறபடியே எடுத்து வை என்பது.

"அதனாலதான் சீக்கிரம் முடியுது. நான் எதையும் மாத்துறதில்ல, எடுத்து மட்டும் வைக்கேன். எழுத்தைத் தொடுறதே இல்ல" என்றார்.

"அப்ப என் வரி எங்க போச்சு?"

"அதான் தெரியல." மாஸ்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடும் இன்னொரு கட்டளையை அடித்தார். திரையில் வரிசை இறங்கியது. பூஜ்யம் என்ற எண்ணில் படம். அடுத்து ஐந்து குரல்கள். இந்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, குஜராத்தி என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றெழுத்தில் மொழி. அதற்குக் கீழே வசன வரிகள். இந்தி, தமிழ், தெலுங்கு, குஜராத்தி.

அதற்கும் கீழே ஒன்று. வசன வரிதான். பக்கத்தில் மொழி எழுதவில்லை.

ரமேஷ்குமாரின் விரல் அங்கே நின்றது. "இது யாரோடது?"

அனந்தலக்ஷ்மி குனிந்து பார்த்தாள். "இப்பத்தான் சேர்த்து வச்சேளோ என்னமோ" என்றாள். சொல்லும்போதே அது அநியாயம் என்று தெரிந்தது, ஆனால் வாய் முந்திக்கொண்டது.

அவர் கோபப்படவில்லை. "ஸ்டூடியோ ஹார்ட் டிஸ்க் உங்க அலமாரியிலதான இருக்கு? சாவியும் உங்ககிட்டதான். எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தாள். அதன் ஸீல் அவள் ஒட்டியபடியே இருந்தது. அவளே பிரித்தாள், அவளே செருகினாள். பட்டியல் அதேதான். கடைசியில் மொழி போடாத அந்த ஒன்றும் அங்கேயே இருந்தது.

அவர் முதலில் பழைய கட்டளையையே அவள் எதிரில் ஓட்டினார். அரை நிமிஷமும் ஆகவில்லை. கோப்பைத் திறந்து லோடிங் இடத்துக்குப் போனார். வால்வைத் திறந்துவிடவும். அவளுக்கு அந்த வரியை மறுபடி பார்க்கவே பயமாக இருந்தது.

"ஆக, தமிழ்னு சீட்டு இருந்தது ஸ்டூடியோவோட பழைய வரைவுக்கு" என்று மெதுவாகச் சொன்னார் ரமேஷ்குமார். "உங்களோடதைக் கடைசியில சேர்த்துருக்காங்க. ஆனா மொழி போடல. பழசையும் எடுக்கல. நான் தமிழைக் கொண்டான்னு சொன்னேன், அது சீட்டைப் பாத்து பழசைக் கொண்டாந்துருச்சு. தமிழ்னு ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா, அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லி நின்னுருக்கும். நானும் முழிச்சுருப்பேன். ஒண்ணு இருந்ததால சத்தமில்லாமப் போயிருச்சு."

பிறகு மூன்றாவது மேப்பை மட்டும் மாற்றினார். மொழியைக் கேட்காமல் 0:s:4 என்று எண்ணைக் கொடுத்தார். வசன வரிகளைப் பூஜ்யத்தில் இருந்து எண்ண வேண்டும், அதனால் ஐந்தாவதாக இருப்பது நாலு. கூடவே, வெளியே போகும் கோப்பில் அதற்குத் தமிழ் என்று மொழியையும் எழுதச் சொன்னார். ஓட்டித் திறந்தார்.

'லோடிங் முடிந்ததும் வால்வை மூடாமல் நகரக் கூடாது.' அவளுடைய வரி. ஒற்றுகூடச் சரியாக இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மாஸ்டரைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, வசன வரிப் பட்டியலில் தமிழ் என்றும் ஒன்று இருந்தது, கீழே பெயரில்லாமல் வெறும் 'ட்ராக் 5' என்றும் ஒன்று இருந்தது. ஸ்டூடியோப் பெண் ஃபோனில், "உங்களுடையது கடைசி, அதைப் பாருங்கள்" என்று சொன்னாள். இவள் கடைசியைத்தான் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள்.

அதைச் சொன்னாள். சொல்லாமலும் இருந்திருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது.

"அத எங்கிட்ட சொன்னீங்களா மேடம்?"

"இல்லை."

"சொல்லிருந்தா பாத்துருப்பேன்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "நானும் வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்கணும். குரல் தமிழா, எழுத்து தமிழா, அதோட விட்டுட்டேன்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டிபன் டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

அன்று பிற்பகல் இருவரும் சேர்ந்து கிடங்குகளுக்கு ஃபோன் செய்து, பழைய கோப்பை அழிக்கச் சொன்னார்கள். புதியது போய்ச் சேர்ந்ததும் செல்வராஜிடமிருந்து மறுபடி ஒரு ஃபோட்டோ வந்தது. "இப்ப சரியாயிடுச்சு மேடம்" என்று ஒரு வரியும்.

சதுர்வேதியின் அறைக்குத் தனியாகத்தான் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"காலையில அவன் மேல சந்தேகம்னு சொன்னீங்க. மத்தியானம் ரெண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தீங்க. இப்ப யார் மேலயும் தப்பில்ல. க்யா பாத் ஹை, பலே! மதராசி மதராசி ஒண்ணாயிட்டீங்களா?"

அனந்தலக்ஷ்மிக்கு ஒரு கணம் சிரிப்பே வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அவள் பார்த்த பார்வை அது. இன்று அவள் அதற்கு எதிரில் நின்றாள். எதைச் சொன்னாலும் மறைப்பதாகவே தோன்றும் என்று புரிந்தது.

"தப்பில்லைன்னு சொல்லலை சார். ஸ்டூடியோ மொழி போடலை. அது கடைசி ட்ராக்னு எனக்குத் தெரியும், நான் அவர்கிட்ட சொல்லலை. அதை எழுதித் தரேன். அவர் வேணும்னு செஞ்சார்னு எழுதித் தரமாட்டேன்."

"ஸோச் லீஜியே, யோசிச்சுக்குங்க. இது உங்க ஃபைல்ல போகும்."

"போகட்டும் சார்."

போயிற்று. அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை. உண்டு என்றுதான் அவள் நம்பினாள். கஸ்தூரிரங்கனிடம் சொன்னபோது, "நீ பேசாம இருந்திருந்தா அந்த ஆளுக்குத்தான் மெமோ வந்திருக்கும்" என்றார். "அதனாலதான் பேசினேன்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வேலை மட்டும் வேறு மாதிரி நடந்தது. மாஸ்டர் வந்ததும் ரமேஷ்குமார் அவளைக் கூப்பிடுவார். பட்டியலை அவள் வாய்விட்டுப் படிப்பாள். ஒரே மொழியில் இரண்டு இருந்தால், மொழி இல்லாமல் ஒன்று இருந்தால், எழுதி ஸ்டூடியோவுக்குத் திருப்பி அனுப்புவார்கள். வெளியே போகும் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை அவள் உட்கார்ந்து பார்ப்பாள். மாஸ்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், கிடங்கு பார்க்கப்போவதைத்தான் பார்ப்பாள். அவள் பின்னால் நின்றால் அவருக்கு உண்மையிலேயே எழுத்துப் பிழை வந்தது. அதையும் அவள் கவனித்தாள்.

ஒருநாள் அவரே கேட்டார். "தமிழுக்கு நீங்க இருக்கீங்க. குஜராத்திய யார் மேடம் பாக்கது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் தன் வரியைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறாள். மறுநாளே குஜராத்தி தெரிந்த ஒரு கணக்காளரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தப்பு இல்லை என்று தெரியும்வரை இருவரும் அந்தக் கணக்காளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் ரமேஷ்குமார் சென்னைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தார். அது உண்மைதானா, இல்லை அந்த மத்தியானம் அவர் மேஜையில் அவள் நின்றதை அவர் மனசிலேயே வைத்திருந்தாரா என்று அனந்தலக்ஷ்மி இன்றைக்கும் யோசிக்கிறாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அவர் நாற்காலியில் இப்போது சிந்து என்ற பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி, கட்டளைகளை மனப்பாடமாக அடிக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அனந்தலக்ஷ்மி உட்கார்ந்திருக்கிறாள்.